கணவாய் கொள்முதல் பிரிவுக்கு ஸ்கோர்கார்டு: தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்த கதை

மண்டபம் பக்கத்தில் ஏற்றுமதிக்குக் கணவாய் பதப்படுத்தும் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவு எங்களுடையது. பிரிவின் வேலையைப் பல பார்வைகளில் அளந்து காட்டும் அட்டையான பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு ஒன்று போடச் சொன்னார்கள். நிதி, வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் என்ற நான்கு பார்வைகளும் 1992-இல் கப்லனும் நார்ட்டனும் எழுதியதிலிருந்து எல்லாரும் அறிந்தவைதான். கட்டம் போட்டு நிரப்ப ஒரு மதியம் போதுமாயிருந்தது. இருபத்து மூன்று அளவுகளோடு தூத்துக்குடி தலைமை அலுவலகம் போனோம். பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் அடி நிதிப் பார்வையில். ‘கிலோவுக்கு என்ன விலையில் வாங்கினோம்’ என்பதை அளவாக வைத்திருந்தோம். கம்பெனியின் குறிக்கோளோ, ஒரு கிலோ முடிந்த சரக்குக்கு ஆகும் செலவைக் குறைப்பது. இரண்டும் ஒன்றல்ல. 300 ரூபாய்க்கு வாங்கிய கணவாய் சுத்தம் செய்தபின் 60 சதவீதம் தேறினால், முடிந்த ஒரு கிலோவுக்கு மூலப்பொருள் செலவு 500 ரூபாய். 285-க்கு மலிவாக வாங்கியது 55 சதவீதமே தேறினால் 518 ரூபாய். எங்கள் அட்டையில் இரண்டாவது கொள்முதல் 15 ரூபாய் லாபமாகத் தெரியும். உண்மையில் 18 ரூபாய் நஷ்டம். 285-க்கு வாங்கியது 57 சதவீதம் தேறினால்தான் பழைய 500-ஐத் தொடும். அதனால் விலையை எடுத்துவிட்டு ‘விலை வகுத்தல் தேறிய விகிதம்’ என்பதை வைத்தோம்.

அடுத்து வாடிக்கையாளர். வெளிநாட்டில் வாங்குபவரை எழுதியிருந்தோம். அவருடைய புகார் வந்துசேர மாதங்களாகும், அதற்குள் காரணம் எந்த லோடு என்பதே மறந்துபோகும். கொள்முதல் பிரிவுக்கு வாடிக்கையாளர் அடுத்த வாசலில் இருக்கும் பிராசஸிங் ஹால்தான். அவர்கள் திருப்பி அனுப்பும் கூடைகள் நூற்றுக்கு எத்தனை என்பதே எங்கள் அளவு. ஆனால் திரும்பி வந்த கூடை எந்த லோடு என்று சொல்ல வழியில்லை, கூடையில் சீட்டே கிடையாது! லோடு எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டைக் கூடையோடு கட்டி அனுப்பியபின்தான் இந்த அளவுக்கு உயிர் வந்தது. அட்டை போடும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

‘இப்போது நிலவரம் என்ன?’ என்று தலைமை அலுவலகத்தில் கேட்டபோது எங்களிடம் காட்ட எதுவுமில்லை. பதிவேட்டில் தேதி, ஏஜென்ட், எடை, விலை மட்டுமே இருந்தது. உள்வேலைப் பார்வைக்கு நாங்கள் எழுதியது ‘சரக்கு 4 டிகிரிக்குக் கீழே வரவேண்டும்’. அதை ஒருநாளும் அளந்ததில்லை. வந்த நேரம், வெப்பம் என இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேர்த்து நான்கு வாரம் எழுதினோம். இலக்கு வைத்தது அதன்பிறகே.

முதல் வாரத்துப் பதிவில் எல்லா வரிசையிலும் 1 டிகிரி. அப்படி ஒரே எண் வரிசையாக வந்தால் நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் முனையைப் பனிக்கட்டியில் செருகியிருந்தார்கள். கணவாய் மெல்லிய உடம்பு, தனியாக ஒன்றில் குத்தினாலும் சரியாக வராது. ஏழெட்டைச் சேர்த்து அடுக்கி நடுவில் முனையை வைக்க வேண்டும். லோடுக்கு மேல், நடு, அடி என மூன்று கூடை. அடிக்கூடையில்தான் உண்மை வெளிவரும். தெர்மாமீட்டரை உடைத்த பனியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் தினமும் வைத்து 0 காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கற்றல் பார்வையில் ‘இரண்டு நாள் பயிற்சி’ என்று எழுதியது வெறும் வருகைக் கணக்கு. எடைபோடுபவர் 20 கணவாயைத் தரம் பிரித்து, அதில் 18-க்காவது தரக்கட்டுப்பாட்டு ஆள் சொல்லும் அதே தரத்தைச் சொல்கிறாரா என்பதாக மாற்றினோம். தரம் சரியாகப் பிரிந்தால் திரும்பும் கூடை குறைய வேண்டும், திரும்பும் கூடை குறைந்தால் தேறும் விகிதம் ஏற வேண்டும். இந்தச் சங்கிலியை லோடு வாரியாக ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். அடிக்கூடை வெப்பம் கூடிய லோடுகளில் திரும்பும் கூடையும் கூடியிருந்தால் இணைப்பு இருக்கிறது. அப்படி எதுவும் தெரியாவிட்டால் அந்த அளவைத் தூக்கிவிடலாம். எங்களுக்கு இருபத்து மூன்றிலிருந்து ஆறு மிஞ்சியது.

நம் கரைக்கே உரிய ஒரு எச்சரிக்கை: மாதச் சராசரி வைக்காதீர்கள். விசைப்படகு தினமும் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை வேறு. அப்போது நாட்டுப்படகுச் சரக்கு மட்டும்தான், அளவும் ஏஜென்ட்டும் மாறிவிடும். எல்லாவற்றையும் லோடுக்குக் கணக்கிட்டு, தடைக்காலத்தைப் போன ஆண்டின் தடைக்காலத்தோடு மட்டும் ஒப்பிடுகிறோம். இரண்டாம் முறை போனபோது அவர்கள் முதலில் கேட்டது இந்தத் தாளைத்தான். அன்றே கையெழுத்தும் ஆனது.