பதிவு 1,450 என்றது, எடை அசையவில்லை: இலக்கைக் குறைக்கும் முன் உணவுக் கணக்கைச் சரிபார்த்த அனுபவம்

செல்பேசிச் செயலியில் நான் எழுதிவந்த உணவுப் பதிவின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 1,450 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடையோ 72 கிலோவை ஒட்டியே நின்றது. ஒரு மாதம் இப்படிக் கழிந்ததும், நான் ஆலோசனை பெற்றுவந்த டயட்டீஷியனிடம் இலக்கை 1,500இலிருந்து 1,200க்கு இறக்கிவிடலாமா என்று கேட்டேன். பதிவில் உள்ள எண் எந்த அளவுக்கு உண்மை என்று தெரியாமல் இலக்கில் கைவைப்பதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பதிவைச் சரிபார்க்க அவர் சொன்ன வழிகளையும், அவற்றை என் வீட்டுச் சமையலுக்கு ஏற்ப நான் செய்துபார்த்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் ஒரு காகிதத்தில் போட்டுக்காட்டிய கணக்கு எளிமையானது. எனக்கு வயது 44, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. மிஃப்லின் சூத்திரத்தின்படி, எதுவும் செய்யாமல் படுத்திருந்தாலே என் உடலுக்கு ஏறத்தாழ 1,330 கலோரி வேண்டும். நாற்காலியிலும் படுக்கையிலுமே பொழுதைக் கழிப்பவருக்குக்கூட இதைப்போல் 1.2 மடங்கு செலவாகும். அலுவலகம் போய், வீட்டு வேலையும் பார்த்து, மாலையில் கொஞ்சம் நடக்கும் என்னைப் போன்றவருக்கு 1.4 முதல் 1.5 மடங்கு வரை ஆகும். அப்படியானால் என் செலவு 1,860க்கும் 1,990க்கும் இடையில் இருக்க வேண்டும். நான் எழுதிய 1,450 உண்மையானால் எடை மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்து விழுக்காடு தவறலாம் என்பதை ஒப்புக்கொண்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை அது விளக்காது.

தைராய்டு கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பரிசோதனை முடிவு இயல்பாகவே வந்தது. அப்போதுதான் அவர் நியூயார்க்கில் நடந்து, 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அதில் ஆராய்ந்தார்கள். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரை அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறுகிறது. ஆக்ஸிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறுகிறது. சிறுநீரில் இவ்விரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து உடல் எரித்த ஆற்றலைக் கணக்கிடலாம். அந்தப் பத்துப் பேரின் ஆற்றல் செலவு வழக்கமான அளவிலேயே இருந்தது. ஆனால் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்து எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கண்ணால் அளப்பதும், நினைவிலிருந்து எழுதுவதும், சிறிய வாய்களைச் சாப்பாடாகக் கருதாததும் பெரும்பாலும் ஒரே திசையில் தவறுகின்றன என்பதுதான் பொருள். கூட்டி எழுதும் பிழையும் குறைத்து எழுதும் பிழையும் சரிபாதியாக வந்தால் சராசரியில் அவை கழிந்துபோகும். உணவுப் பதிவில் அப்படிக் கழிவதில்லை.

அடுத்த வேலை, எடை உண்மையிலேயே அசையவில்லையா என்பதை உறுதிப்படுத்துவது. காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, காபிக்கு முன், தினமும் நிறுத்து, வாரச் சராசரியை மட்டும் பார்க்கச் சொன்னார். என் நான்கு வாரச் சராசரிகள் 72.3, 72.6, 71.9, 72.2. நடுவில் 71.9 வந்தபோது மகிழ்ச்சிதான். ஆனால் மாதவிடாய்க்கு முன் உடலில் நீர் சேர்வதும் அது முடிந்தபின் வடிவதும் ஒரு கிலோ வரை ஆட்டம் காட்டும். அதனால் பெண்கள் ஒரு முழுச் சுழற்சியாவது பார்த்தாக வேண்டும். முதல் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு 100 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொண்டால், இது நாளுக்கு 40 கலோரிகூட ஆகாது. ஆக, நான் உண்பதும் செலவிடுவதும் சமமாக இருந்தன. அந்தச் சமநிலை 1,900 கலோரியை ஒட்டிய ஓரிடத்தில் இருந்தது. பதிவில் நாளுக்கு 450 கலோரி அளவுக்குக் காணவில்லை.

அதைத் தேடத் தொடங்கிய இடம் எண்ணெய். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி. நம் சமையலில் எண்ணெய் கரண்டியில் அளந்து ஊற்றப்படுவதில்லை. தாளிக்கும்போது கை சாய்ந்த அளவுதான். அதோடு பொரியலில் ஊற்றியதில் எவ்வளவு என் தட்டுக்கு வந்தது என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே தட்டை விட்டுவிட்டுப் பாத்திரத்தை நிறுக்கச் சொன்னார். ஞாயிறு காலையில் வீட்டில் உள்ள எல்லா எண்ணெய்ப் பாத்திரங்களையும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு காலையில் மீண்டும் நிறுத்தேன். 760 கிராம் குறைந்திருந்தது. அதில் 60 கிராம் விளக்குக்குப் போன நல்லெண்ணெய். அதைத் தனியாக நிறுத்திருந்ததால் கழிக்க முடிந்தது. அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி பாத்திரத்தில் ஊற்றிய பிறகே எடை பார்த்தேன். மிச்சம் 700 கிராம், வீட்டில் நான்கு பேர், ஏழு நாள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். பதிவில் நான் எழுதிவந்தது இரண்டு டீஸ்பூன், அதாவது 9 கிராம். வேறுபாடு 16 கிராம், ஏறத்தாழ 145 கலோரி. நால்வரும் சமமாகச் சாப்பிடுவதில்லை என்பதால் இது துல்லியமான எண் அல்ல. ஆனால் கண்மதிப்பைவிட இது எவ்வளவோ நம்பத்தக்கது. ஒரு வாரத்தில் இரண்டே முறை நிறுத்தால் போதும் என்பது இதன் பெரிய வசதி.

அரிசியில் நடந்தது வேறு வகைப் பிழை. செயலியில் ‘ஒரு கப் சாதம்’ என்று தேர்ந்தெடுத்தால் 205 கலோரி வரும். அந்தக் கப் 158 கிராம் சாதம். நான் போட்டுக்கொள்ளும் இரண்டு கரண்டியும் ஒரு கப் என்றுதான் இவ்வளவு நாளும் எழுதினேன். தராசில் அது 270 கிராம் காட்டியது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: குழைய வடிக்கும் வீட்டில் சாதத்தில் தண்ணீர் அதிகம், உதிரியாக வடிக்கும் வீட்டில் குறைவு, ஆகவே வேறொரு வீட்டுச் சாதத்தின் கலோரியை நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதும் தவறலாம். குக்கரில் போடும் அரிசியை நிறுத்து, வெந்த பிறகு பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சாதத்தை நிறுப்பதே சரியான வழி. எங்கள் வீட்டில் 300 கிராம் பொன்னி அரிசி 840 கிராம் சாதமாகிறது. அப்படியானால் என் 270 கிராம் சாதத்துக்குள் இருப்பது 96 கிராம் அரிசி. அரிசிக்கு 100 கிராமுக்கு 350 கலோரி என்று வைத்தால் ஏறத்தாழ 335. மதியச் சாதத்தில் மட்டும் 130 கலோரி விடுபட்டிருந்தது. இந்த விகிதம் ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு சாதத்தை மட்டும் நிறுத்தால் போதும். வெந்த சாதத்தின் எடையை எழுதிவிட்டு, செயலியில் வேகாத அரிசிக்கான வரியைத் தேர்ந்தெடுப்பதும், அதற்கு மறுதலையாகச் செய்வதும் பலருக்கு நேர்கிறது. அதில் கணக்கு மூன்று மடங்குவரை புரளும்.

மற்றவை சில்லறை. டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்று செயலி நினைக்கிறது. குவித்து அள்ளினால் 7 கிராம். தேங்காய் துருவும்போது வாயில் போட்டது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசைத் துண்டு, உப்புப் பார்க்க ஊற்றிய குழம்பு இவையெல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 60 கலோரி என்று மதிப்பிட்டேன். இவற்றை உடனுக்குடன் எழுத யாராலும் ஆகாது. ஒரு நிலையான தொகையாகச் சேர்த்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லோரும் எளிதில் தவறவிடுவது எழுதாத நாள்களை. சனி, ஞாயிறுகளில் என் பதிவு பெரும்பாலும் காலியாக இருந்தது. செயலியோ எழுதிய நாள்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டது. உறவினர் வருகை, வெளியே பிரியாணி, கல்யாண இலை எல்லாம் விழுவது அந்த நாள்களில்தான். திருத்திய கணக்கின்படி என் வார நாள்கள் 1,450உடன் 145, 130, 60 சேர்ந்து 1,785 ஆயின. இரண்டு வார இறுதிகளில் முடிந்தவரை அளந்து எழுதியதில் நாளுக்கு 2,150 வந்தது. ஏழு நாள் சராசரி ஏறக்குறைய 1,890. எடையும் சூத்திரமும் சொன்ன இடத்துக்குப் பதிவு வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வளவு அளக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் அவர் சொன்னார்: எடை நிலையாக இருந்த காலத்தின் பதிவுச் சராசரியையே சமநிலை எண்ணாகக் கொண்டு, அதிலிருந்து குறைப்பது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிழை சாதம்போல விகிதத்தில் வருவதானால், பதிவில் 100 குறைத்தால் உண்மையில் 130 குறையும். எண்ணெய்போல நிலையான தொகையானால் 100தான் குறையும். இலக்கு இறுகும்போது எழுதாமல் விடுவதும் கூடுகிறது என்பதால், இந்தச் சமநிலை எண் பழைய பழக்கம் மாறாதவரைதான் செல்லும். நான் தொடக்கத்தில் கேட்டபடி இலக்கு 1,200 ஆகியிருந்தால், அளக்கப்படும் பருப்பும் முட்டையும் தட்டிலிருந்து போயிருக்கும். அளக்கப்படாத எண்ணெய் அப்படியே இருந்திருக்கும்.

எனவே இலக்கு 1,500 என்றே விடப்பட்டது; மாறியது பதிவு மட்டும். அடுத்த நான்கு வாரங்களில் திருத்திய முறைப்படி என் சராசரி 1,610. இலக்கை எட்டவில்லை என்றாலும், சமநிலையான 1,890உடன் ஒப்பிட்டால் நாளுக்குப் பற்றாக்குறை 280 கலோரி. அதன்படி ஒரு கிலோ குறைந்திருக்க வேண்டும். முதல் வாரச் சராசரிக்கும் ஐந்தாம் வாரச் சராசரிக்கும் இடையில் குறைந்தது 700 கிராம். அதைத் திருப்பிப் போட்டால் உண்மையான பற்றாக்குறை 190 கலோரி. இன்னும் நாளுக்கு 90 கலோரி எங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் உணவகச் சாப்பாட்டில்தான். அங்கே தராசு கொண்டுபோக முடியாது, செயலியில் உள்ள பிரியாணியும் நம் ஊர்க் கடைப் பிரியாணியும் ஒன்றல்ல. வெளியே சாப்பிட்டதற்குச் செயலி காட்டுவதில் கால்பங்கு கூட்டி எழுதுவது என்று முடிவு செய்தோம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடையின் போக்கோடு பதிவை இப்படி ஒப்பிடுவதும், அரிசி மாறினாலோ கரண்டி மாறினாலோ மறுபடி நிறுப்பதும் தொடர்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், உணவைப் பற்றிய அச்சமோ பட்டினி கிடக்கும் பழக்கமோ இருந்தவர்களும் இந்த அளவீடுகளை மருத்துவர் துணையின்றித் தொடங்க வேண்டாம் என்றும் அவர் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்.