முப்பத்திரண்டு கத்தரியும் ஒரு பாத்தியும்

நாலடி அகலம், எட்டடி நீளத்தில் ஒரு பாத்தி போட்டு வைத்திருந்தேன். குழித்தட்டில் முளைத்து நின்றவை சரியாக 32 கத்தரி நாற்றுகள். பாத்தியின் பரப்பு 32 சதுர அடி. அடிக்கு ஒன்று என்று நட்டால் கணக்கு சுத்தமாக முடிகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. நட்டு முடித்துப் பார்த்தால் விரல் உயர நாற்றுகளுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம். இன்னும் பத்து நாற்று இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

வேடிக்கை பார்க்க வந்த அம்மா, “இப்ப இருக்கிற அளவைப் பார்த்தா இடம் விடுவ? வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கிறவன்கூட ரெண்டு விரல் விட்டுத் தைப்பான்டா” என்றார். விதை உறையின் பின்பக்கம் இடைவெளி இரண்டடி என்று போட்டிருந்ததை நான் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் இலைகள் ஒன்றையொன்று தொட்டன. எட்டாவது வாரம் பாத்திக்குள் கை விட முடியவில்லை. நடுவில் இருந்த செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக மேலே ஓடியிருந்தன. அவற்றின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. காய் பிடித்தது எல்லாம் ஓரத்தில் நின்றவற்றில்தான். செடி ‘நன்றாக உயரமாக’ வளர்கிறது என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது நெரிசலின் அடையாளம் என்று அப்புறம்தான் உறைத்தது.

சரி, கணக்கை முதலிலிருந்து போட்டேன். இந்த ரகக் கத்தரி வளர்ந்து முடித்தால் குறுக்களவு இரண்டடி. தண்டிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் ஓரடி. ஆக, இரண்டு செடிகளின் தண்டுகளுக்கு நடுவே இரண்டடி வேண்டும். பாத்தியின் விளிம்பிலிருந்து முதல் தண்டுக்கு ஓரடி போதும். அகலவாக்கில் ஓரடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று என இரண்டு வரிசை. நீளவாக்கில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாவது அடிகளில் நான்கு. மொத்தம் எட்டு. நான் நட்டது அதைப்போல நாலு மடங்கு! இடைவெளியைப் பாதியாக்கினால் செடி இரண்டு மடங்குதான் ஆகும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் பாதியாகிறது என்பது மண்டையில் ஏறவில்லை.

பக்கத்தில் வேறு செடி வந்தால் இரண்டின் அகலத்திலும் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டடிக் கத்தரிக்கு அருகே ஒன்றரை அடி விரியும் மிளகாய் என்றால், ஓரடியும் முக்கால் அடியும் சேர்ந்து ஒன்றே முக்கால் அடி.

அகலவாக்கிலும் நீளவாக்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டை விட்டுவிட்டு, இருபதைத் தரையோடு வெட்டினேன். பிடுங்கியிருந்தால் பின்னிக்கிடந்த வேர்களோடு பக்கத்துச் செடியும் ஆடிப்போயிருக்கும். மிச்சம் நாலை மனம் கேட்காமல் மண்ணோடு பெயர்த்து, பாதியாகக் கவாத்து செய்து, கைவசம் இருந்த அரையடித் தொட்டிகளில் வைத்தேன். வெட்டியபின் தொட்டிக்கு அளவாகத்தான் தெரிந்தன. நான் மறுபடியும் அன்றைய உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

துளிர்த்து வந்ததும் மதியம் ஆனால் நாலும் தலை தொங்கின. தண்ணீர் விட்டால் நிமிரும், மறுநாள் மதியம் திரும்பவும் தொங்கும். காற்றடித்தால் தொட்டியோடு சாயும். ஒன்றைக் கவிழ்த்து உருவினேன். மண்ணே கண்ணில் படவில்லை, தொட்டியின் வடிவத்தில் வெள்ளை வேர் நூல்கண்டுபோலச் சுற்றிக்கிடந்தது.

செடியின் முழு அகலத்தில் குறைந்தது பாதியாவது தொட்டியின் வாய் இருக்க வேண்டும். இரண்டடிக் கத்தரிக்கு ஓரடி வாய், ஏறக்குறைய ஓரடி ஆழம். அரையடித் தொட்டி அதில் பாதிதானே என்று தோன்றும். வாயும் ஆழமும் பாதியானால் உள்ளே கொள்ளும் மண் எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு மண் பிடித்து வைக்கும் தண்ணீரை வளர்ந்த கத்தரி காலையிலேயே குடித்துத் தீர்த்துவிடும். பெரிய தொட்டியிலும் ஒரு வம்பு உண்டு. நாற்று சின்னதாக இருக்கும்போது தொட்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றினால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். முதல் சில வாரங்கள் நாற்றைச் சுற்றி மட்டும் ஊற்றினால் போதும்.

இந்த முறை செய்தித்தாளில் இரண்டடி வட்டம் எட்டு வெட்டி, பாத்தியில் பரப்பி, காற்றுக்குக் கல் வைத்து, நடுப்புள்ளியில் நட்டேன். வெற்றிடம் கண்ணை உறுத்தியது. முள்ளங்கி விதைத்தேன், கத்தரி விரிவதற்குள் பிடுங்கிவிடலாம். அளவாக இருக்கட்டும் என்று கத்தரி விதை பத்துதான் போட்டிருந்தேன். பத்தும் முளைத்துவிட்டன. மிச்சமான இரண்டு நாற்றும் ஜன்னலோரம் நிற்கின்றன. நேற்றுச் சாயங்காலம் வட்டங்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்தால் இடம் கிடைக்குமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா தொண்டையைக் கனைத்தார்.