வாத்தியார் நோட்டில் பதினைந்து, தாளத்தில் பதினாறு

எங்கள் பாட்டு வாத்தியார் தானே எழுதி மெட்டமைத்த சின்னப் பாட்டு ஒன்று உண்டு. மோகன ராகம், ஆதி தாளம், முருகன் மேல். அச்சில் வந்ததில்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு கோடு போட்ட நோட்டில் மட்டும் இருந்தது. அவர் காலமான பிறகு மாமி அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "தாள் உதிர ஆரம்பிச்சாச்சு, நீ இதை டைப் பண்ணி வெச்சுடும்மா" என்றார். இருபத்திரண்டு ஆவர்த்தனம், அதாவது இருபத்திரண்டு தாளச் சுற்று. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஆனது.

முதலில் சாதாரண ஆவணமாகத்தான் அடித்தேன். மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்யம், நடுவில் இடைவெளி விட்டு நேராக நிறுத்தினேன். திரையில் ஒழுங்காக இருந்தது. எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் கலைந்தது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல. 'ரி' இருக்கும் இடமும் 'லன்' இருக்கும் இடமும் எப்படி ஒன்றாகும்? இடைவெளியால் நிறுத்திய வரி, இன்னொருவர் கைபேசிக்குப் போனால் நிற்காது. அதனால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்வர அளவு. பாட்டு ஒரு அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம் என்ற நடையில் இருந்ததால், எட்டு அட்சரத்துக்குப் பதினாறு கட்டம். A4 தாளைப் படுக்கவைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் கொடுத்தால் 24 சென்டிமீட்டரில் ஒரு ஆவர்த்தனம் ஒரே வரியில் அடங்குகிறது. எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது கட்டத்தின் வலப்பக்கம் மட்டும் கோடு. ஆதி தாளத்தின் மூன்று பகுதிகள் அவை: லகு, திருதம், திருதம்.

அடுத்து, நோட்டில் இருந்த பல்லவியின் முதல் வரி. அது இப்படி இருந்தது:

```
கா ப த ப கா | ரி க ப க | ரி ஸா , ||
வேலன் வருவான் | மயில் மே | லே ||
```

கா, ஸா என்று நெடிலாக எழுதினால் இரண்டு அளவு என்பதும், காற்புள்ளி ஓர் அளவு நீட்டல் என்பதும் தெரிந்ததுதான். கூட்டிப் பார்த்தேன். கா இரண்டு, ப த ப மூன்று, மறுபடி கா இரண்டு, ஆக ஏழு. அப்புறம் நான்கு, அப்புறம் நான்கு. மொத்தம் பதினைந்து. ஒன்று குறைகிறது. எங்கோ ஒரு நீட்டலை விட்டுவிட்டார் என்று நினைத்து, கடைசி ஸாவுக்குப் பின்னால் நானே இன்னொரு காற்புள்ளி சேர்த்துவிட்டேன். அது தப்பு. அதோடு அடுத்த இரண்டு வரியையும் அப்படியே அடித்த பிறகுதான் கவனித்தேன்: எல்லா வரியிலும் அதே 7, 4, 4.

ஒரு வரியில் மட்டும் குறைந்தால் எழுத்துப் பிழை. எல்லா வரியிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு குறைந்தால் அது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். தாளம் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தேன். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், தட்டு விழுகிறது, 'வே' அதற்கு அரை அட்சரம் தள்ளித்தான் எடுக்கிறது. சின்ன வயதில் எத்தனை தடவை பாடியிருக்கிறேன், அது கைக்குத் தெரிந்திருக்கிறது. வாத்தியாருக்கும் அது தெரியும் என்பதால் சமத்தில் வரும் அந்த அரை அட்சரத்தை அவர் எழுதவே இல்லை. பாட்டு எங்கே வாயில் ஆரம்பிக்கிறதோ அங்கேதான் அவர் வரியும் ஆரம்பிக்கிறது. நான் கடைசியில் சேர்த்த காற்புள்ளி, முழுப் பாட்டையும் சமத்தில் எடுக்கும் பாட்டாக மாற்றிவிட்டிருந்தது. நோட்டுத் தெரியாத ஒருவர் என் தாளைப் பார்த்துக் கற்றிருந்தால் அப்படித்தான் பாடியிருப்பார்.

சரியான வரி இது. அட்சரங்களைப் பிரித்துக் காட்ட இங்கே சாய்கோடு போட்டிருக்கிறேன்:

```
, க / , ப / த ப / க , | ரி க / ப க | ரி ஸ / , , ||
, வே / - லன் / வ ரு / வா ன் | ம யில் / மே - | - லே / - - ||
```

இதில் முதல் 'கா' என்ன ஆனது என்று பாருங்கள். நோட்டில் ஒரே எழுத்து. ஆனால் அதன் முதல் பாதி முதல் அட்சரத்திலும், இரண்டாவது பாதி இரண்டாவது அட்சரத்திலும் இருக்கிறது. நெடிலாகவே அடித்து ஒரு கட்டத்தில் போட்டால் அடுத்த கட்டம் காலியாக நிற்கும். அதனால் நெடில் எல்லாவற்றையும் குறிலும் காற்புள்ளியுமாக உடைத்தேன். அரைப்புள்ளி இருந்தால் இரண்டு காற்புள்ளி. இப்படிச் செய்ததில் ஒரு வசதி: எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பதே விதியாகிவிட்டது. வரியின் கடைசியில், நிரம்பிய கட்டங்களை எண்ணும் ஒரு சூத்திரம் போட்டேன்.

```
=COUNTA(A2:P2)
```

பதினாறு வரவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சாகித்ய வரிக்கும் அதேதான், எழுத்து வராத கட்டத்தில் ஒரு சிறு கோடு.

சாகித்யத்தைப் பிரிப்பது ஸ்வரத்தை விட யோசிக்கவைத்தது. 'வருவான்' என்பதில் 'வா' இரண்டு கட்டம் நீள்கிறது. 'வான்' என்று முதல் கட்டத்திலேயே போட்டுவிட்டால், பாடுகிறவர் உடனே ன்-ஐ மூடி, மீதி அளவை மூக்காலே இழுப்பார். வாத்தியார் கிளாஸில் அதற்குத்தான் அதிகம் திட்டுவார். உயிர் நீள வேண்டும், மெய் கடைசியில் மூட வேண்டும். அதனால் 'வா' ஏழாவது கட்டத்தில், 'ன்' எட்டாவதில். 'லன்', 'யில்' இரண்டும் ஒரே ஓர் அளவுதான், பிரிக்க இடமில்லை, முழுசாக ஒரே கட்டத்தில் வைத்தேன்.

சங்கதிகள், அதாவது ஒரே வரியின் மாறுபட்ட வடிவங்கள், வந்தபோது இந்தக் கட்டம் நிஜமாகவே உதவியது. வாத்தியார் சாகித்யத்தை முதல் சங்கதிக்கு மட்டும் எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்வரத்தை மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவது சங்கதியின் லகுவை முதலில் எண்ணியபோது ஏழு வரவில்லை, ஒன்பது வந்தது. நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலால் இரண்டு ஜோடி ஸ்வரங்களுக்கு மேலே மெல்லிய கோடு. மேற்கோடு போட்டால் வேகம் இரட்டிப்பு, இரண்டு ஸ்வரமும் சேர்ந்து ஓர் அளவுதான். இரண்டு ஜோடி, நான்கு ஸ்வரம், இரண்டு அளவு. ஒன்பது ஏழாகிவிட்டது. மேற்கோட்டுக்குப் பதிலாக நான் அந்த இரண்டு ஸ்வரத்தையும் ஒரே கட்டத்தில் ஒட்டி அடித்தேன்:

```
, க / , ப / தஸ' தப / க , | ரி க / பத பக | ரி ஸ / , , ||
```

சாகித்யம் அதே கட்டங்களில் அப்படியே நிற்கிறது. 'வ' முன்பு 'த'வுக்குக் கீழே இருந்தது, இப்போது 'தஸ''வுக்குக் கீழே. அதன் இடம் மாறவில்லை. முதல் வரியின் சாகித்யத்தை நகல் எடுத்து எல்லாச் சங்கதிக்கும் ஒட்டினேன், பாடிப் பார்த்தேன், நான்கில் மூன்றுக்குத் தொடவே தேவைப்படவில்லை. எழுத்தை ஸ்வரத்தோடு கட்டாமல் காலத்தோடு கட்ட வேண்டும் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

மேல் ஸ்தாயிப் புள்ளிக்கு நான் ஏன் ஒற்றை மேற்கோள் குறி போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதும்போது எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, முடிந்தது. டைப் செய்யும்போது ஸ மேல் புள்ளி வைத்தால் அது 'ஸ்' என்ற மெய்யெழுத்து. பார்வைக்கு ஒன்றுதான் என்று முதலில் அப்படியே அடித்தேன். 'ரி'க்கு வந்ததும் ஓடவில்லை, ஏற்கெனவே இகரம் ஏறிய எழுத்தின் மேல் புள்ளி ஏறாது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைத்தது. தனியாக மேற்புள்ளிக்கென்று இருக்கும் U+0307 குறியைச் சேர்த்துப் பார்த்தேன், கணினியில் சரியாக உட்கார்ந்தது, கைபேசியில் விலகி நின்றது. மேல் ஸ்தாயிக்கு எழுத்துக்குப் பின்னால் ' குறி, கீழ் ஸ்தாயிக்குப் பின்னால் ஒரு புள்ளி என்று முடிவு செய்து, தாளின் தலையில் எழுதிவிட்டேன். முன்னால் போடக்கூடாது.

அனுபல்லவியில் எண்ணிக்கை சரியாக வந்தும் ஒரு வரி பாடும்போது உறுத்தியது. ஆறாவது கட்டத்தில் 'த' மட்டும் அடித்திருந்தேன், திரையில் 'தப' இருந்தது. அதே நெடுவரிசையில் மேலே 'தப' இருந்ததால் கால்க் தானாக நிரப்பியிருக்கிறது. இதை COUNTA கண்டுபிடிக்காது, கட்டம் நிரம்பித்தானே இருக்கிறது. `Tools` பட்டியலில் `AutoInput` என்பதை அணைத்துவிட்டு, அதுவரை அடித்த வரிகளை எல்லாம் ஒருமுறை நோட்டோடு ஒப்பிட்டேன். இதே வேலையை யார் செய்தாலும் இதை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

கடைசியில் எண்ணாலும் ராகத்தாலும் தீராத ஒரு எழுத்து மிஞ்சியது. சரணத்தில் 'க ப ? ப' என்று ஒரு இடம். மை ஊறிப்போய் அது 'க'வா 'த'வா தெரியவில்லை. மோகனத்தில் இரண்டும் உண்டு, இரண்டும் பாடினால் அழகாகவே இருக்கிறது. வேறு சில ராகங்களில் என்றால் ஆரோகணம் ஒன்றை ஒதுக்கியிருக்கும். மாமியிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"மாமி, இது கவா, தவா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தின வரியிலிருந்து எடுத்து மெல்லப் பாடினார். அந்த இடத்தில் குரல் மேலே போய்த் தொட்டு இறங்கியது. த. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் த.

"இங்கே பாரு," என்று நோட்டைத் திறந்து விரலால் காட்டினார். "அவர் தவுக்கு வாலைக் கீழ்க் கோடு வரைக்கும் இழுப்பார். ககரத்துக்கு வால் இருக்காது."

வீட்டுக்கு வந்து பூதக் கண்ணாடி வைத்து மற்றப் பக்கங்களையும் பார்த்தேன். மாமி சொன்னபடிதான். அப்படிப் பார்த்ததில் நான் 'க' என்று அடித்திருந்த இரண்டு இடம் 'த'வாக மாறியது. சந்தேகமே இல்லாமல் அடித்த இடங்கள் அவை. திருத்தி, அச்செடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் கொடுத்தேன். தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டு முதல் வரியை எடுத்தார், அரை இடம் தள்ளி.