ஐந்து புளியங்கொட்டை

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவிலிருந்து தொலைபேசி எடுத்தவர், "கிரிக்கெட்டைப் பற்றி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்திட்டுது, நீங்கள் வேற ஏதாவது எழுதுங்கோ" என்றார். எனக்கும் கிரிக்கெட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்பதால் அது வசதியாகப் போயிற்று. மைதானத்தில் நீங்கள் கத்திக்கொண்டிருந்த பின்னேரங்களில் நான் சங்கீத அறையில் சப்பாணி கட்டி இருந்து வயலினை அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆய்வுகூடத்தில் படித்தவர்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று கேள்வி.

1992ஆம் ஆண்டு. உயர்தரத்தில் கணிதப்பிரிவு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. வீட்டில் ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில், தங்கச்சி சுருதிப்பெட்டியை அமுக்க அமுக்க நான் வாசிப்பேன். சங்கீதப் பரீட்சைக்கு மோகன ராகத்தில் ஆதிதாள வர்ணம் ஒன்று இருந்தது. அதைத் தினமும் இரண்டு மணித்தியாலம், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்று மாதம் அப்படிப் போனது. பல்லவி பளபளவென்று வந்தது. "ப த ஸ ரி க" என்று மேலே ஏறும் ஓரிடம் மட்டும் முதல்நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தார ஸ்தாயிக் காந்தாரம் சுருதி குறைந்து விழும். விழுந்த விரலை உடனே மேலே இழுத்துச் சரிசெய்வேன். அந்த இழுவை நாளடைவில் எனக்கே பிடித்துப்போய், சுரத்தை அசைத்து அழகூட்டும் கமகம் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

வயலின் ரீச்சர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு வில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இது கமகமில்லை, களவு. எத்தினை தரம் வாசிச்சனீர்?"

"ஒரு நாளைக்கு இருபது தரம், ரீச்சர்."

"இந்த இடத்தை எத்தினை தரம்?"

கேள்வி விளங்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். வர்ணம் ஒருமுறை வாசிக்க ஆறு நிமிடம். இரண்டு மணித்தியாலத்தில் இருபது முறை. அந்தச் சங்கதி நீடிப்பது இரண்டு விநாடி. ஆக, இரண்டு மணித்தியாலத்தில் நான் அந்த இடத்துக்குச் செலவழித்தது நாற்பது விநாடி. மிச்ச நேரம் முழுக்க ஏற்கெனவே வந்ததையே வாசித்திருக்கிறேன். நாற்பது விநாடியும் நட்டம்தான், ஏனென்றால் பிழை காதில் படும்போது கை மூன்று சுரம் தாண்டி ஓடியிருக்கும். திரும்பி வந்து திருத்துவதற்குத் தாளம் விடாது. நாளுக்கு இருபது தரமாக மூன்று மாதம் என் கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது, குறைவாய் விழுந்து மேலே இழுக்கும் வித்தையைத்தான்.

அடுத்ததாக, பிழை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். காந்தாரத்தில் என்றேன். இல்லை என்றார். நம்முடைய சுருதிசேர்ப்பில் முதல் தந்தி பஞ்சமம். அதில் தைவதம் முதல்விரல், தார ஷட்ஜம் மூன்றாம் விரல். அதற்கு மேலே போக விரல் போதாது. கையை மேலே நகர்த்தி முதல்விரலால் ரிஷபத்தைப் பிடித்தால், காந்தாரம் இரண்டாம் விரலில் தானாய் அமையும். அந்த நகர்வு கிட்டத்தட்ட ஏழு சென்ரிமீற்றர். என் கை அதில் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது. ஆகவே ரிஷபமே குறைவு. ரிஷபம் வேகமாய்க் கடந்துபோவதால் காதுக்குத் தெரியவில்லை. காந்தாரத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. நான் மூன்று மாதமாய்த் திருத்தப் பார்த்தது குற்றமற்ற ஒரு சுரத்தை.

ரிஷபம் சரியா என்று அறிவது எப்படி? தங்கச்சிக்குச் சுருதிப்பெட்டியை அமுக்கும்போதே தெரியும். குறைந்தால் முகத்தைச் சுளிப்பாள். எனக்கு அந்தக் காது இல்லை. ரீச்சர் பௌதிக மாணவனுக்கு ஏற்ற வழியைக் காட்டினார். அப்பியாசக்கொப்பி ஓரத்தைக் கிழித்து, அரிசி அளவு துண்டை "ட" போல மடித்து, மூன்றாம் தந்தியின் நட்டநடுவில் ஏற்றினார். மூன்றாம் தந்தி கீழ் ஸ்தாயியின் மந்திர பஞ்சமம். அதன் மீடிறனின், அதாவது விநாடிக்கு அதிரும் எண்ணிக்கையின், மும்மடங்குதான் தார ரிஷபம். முதல் தந்தியில் ரிஷபம் சரியாக விழுந்தால், தொடாத மூன்றாம் தந்தி பரிவுற்று மூன்று துண்டுகளாக அதிரும். அப்போது நடுப்புள்ளி ஒரு முரண்கணு, அதிர்வு மிகக் கூடிய இடம். கடதாசி நடுங்கும். மயிரிழை குறைந்தால் பேசாமல் இருக்கும். தந்திகள் தமக்குள் சரியாகச் சுருதி சேர்ந்திருந்தால்தான் இது வேலைசெய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தார ஷட்ஜத்தையும் இப்படிப் பார்க்கலாமென்று வீட்டில் இரண்டாம் தந்தியின் நடுவில் கடதாசி வைத்து, அசையவில்லையே என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்தேன். ஷட்ஜத்துக்கு அந்தத் தந்தி இரண்டாய்ப் பிரியும், நடுவில் அசைவே இல்லாத கணு. குதிரையிலிருந்து கால்பங்கு தூரத்துக்கு நகர்த்தினதும் துள்ளியது. தந்தி அதிர்வைப் படிக்கும் சுரமானிப் பாடம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிறகு வந்தது புளியங்கொட்டை. இடது முழங்காலருகே ஐந்து. இரண்டே சுரம்: ஷட்ஜம், நகர்வு, ரிஷபம், நிறுத்து. கடதாசியைப் பார்க்கமுன்னமே நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: சரி, கூட, அல்லது குறைய. பிறகுதான் பார்க்கலாம். சரியாய் விழுந்து, நான் சொன்னதும் சரியாய் இருந்தால் ஒரு கொட்டை வலதுபக்கம் போகும். பிழைத்தால் எல்லாக் கொட்டையும் இடதுபக்கம் திரும்பிவிடும். ஐந்தும் வலதுக்கு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல்நாள் நாற்பது நிமிடம் எடுத்தது. நாலாவது கொட்டையில் வைத்து ஏழெட்டுத் தரம் சறுக்கினேன். களைப்பு கையில் இல்லை, தலையில். வர்ணத்தை இரண்டு மணித்தியாலம் வாசிக்கும்போது ஒருநாளும் அப்படிக் களைத்ததில்லை. அரைவாசி நேரம் பின்னேரச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டுதானே வாசித்தேன். நாலாம் நாள் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் கை ஐம்பது அறுபது தரம் நகர்ந்திருக்கும், ஒவ்வொரு தரமும் எங்கே விழுந்தது என்ற பதிலோடு. பிறகு முன்னால் தைவதம், பின்னால் காந்தாரம் என்று ஒவ்வொரு சுரமாய்ச் சேர்த்தோம். வேகத்துக்கு வீட்டுச் சாவி மணிக்கூடு. பற்றறிக்குத் தடை இருந்த காலம், அந்த மணிக்கூடு ஒன்றுதான் ஓடியது. ஒரு டிக்குக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு. நாலுக்குப் போனதும் பிழைத்தது, மூன்றுக்கு இறங்கினோம்.

இரண்டு கிழமையில் அந்தச் சங்கதி தனியே கேட்டால் கண்ணாடி மாதிரி. முழு வர்ணத்துக்குள் வைத்து வாசித்தேன். பழையபடி குறைந்தது.

அழுகை வராத குறை. ரீச்சர் இந்தமுறை இடது கையைப் பார்க்கவேயில்லை, வில்லைப் பார்த்தார். தனியே பழகும்போது ஒவ்வொரு தரமும் வில்லை அடியிலிருந்து புதிதாய்த் தொடங்கியிருக்கிறேன். வர்ணத்தில் அந்த இடம் வரும்போது வில் நுனியில் கிடக்கும். நுனியில் சத்தம் மெலியும், அதனால் வலதுகை அழுத்தும், அந்த அழுத்தம் இடதுகைக்கும் தாவும், கட்டைவிரல் இறுகும், கை நகராது. அதாவது நான் பழகியது வர்ணத்தில் எங்குமே இல்லாத ஒரு சங்கதியை. அரை ஆவர்த்தனம் முன்னாலிருந்து, வில் வந்து நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கச் சொன்னார். சில நாள் வேறு பாட்டு ஏதாவது வாசிக்கும்போது நடுவில் கைதட்டி, "இப்ப அந்த இடம்" என்பார். ஆறுதலாய்த் தயார்செய்ய விடமாட்டார்.

லண்டனுக்கு வந்து வெகுகாலத்துக்குப் பின், அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்கள், திறமைப்படி மூன்று குழு, குழுவுக்குப் பத்துப் பேர். எல்லாரும் கிழமைக்கு ஐம்பது மணித்தியாலத்துக்கு மேல் சங்கீதத்தோடுதான் இருந்தார்கள். வித்தியாசம் எங்கே என்றால், மேலிருந்த இரு குழுக்களும் தனியே இருந்து பழகியது கிழமைக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம். ஆசிரியத்துறைக்குப் போகும் குழு ஏறத்தாழ 9. மேலிருந்தவர்கள் பழகியதையும் துண்டு துண்டாய்ப் பிரித்து, இடையில் ஓய்ந்து, பகலில் குட்டித்தூக்கமும் போட்டிருக்கிறார்கள். பிறகு ஊரெல்லாம் பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் வித்துவானாகலாம் என்று பேசியது, மிகச் சிறந்த குழு இருபது வயதுக்குள் சேர்த்த மணித்தியாலங்களின் வெறும் சராசரி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை மணிக்கணக்கில் இருத்துகிற பெற்றோரை இங்கே சனிக்கிழமை வகுப்புகளில் பார்க்கிறேன், என் பழைய நாற்பது விநாடிதான் ஞாபகம் வருகிறது. பழக்கம் மட்டுமே எல்லாம் என்பதும் சரியில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் இத்தகைய பயிற்சியால் விளக்க முடிந்தது 21 சதவீதம். அதை வாசித்தபோது தங்கச்சி முகம் சுளித்தது கண்ணில் வந்தது.

பரீட்சை நாள். பரீட்சகர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். "ப த ஸ ரி க" வந்தது, காந்தாரம் நேரே போய் உட்கார்ந்தது. அந்தச் சந்தோசத்தில் சரணத்தில் வேறோரிடத்தில் தடக்கினேன். முதற்பிரிவு கிடைக்கவில்லை.

பெறுபேறோடு சங்கீத அறைக்குப் போனேன். ரீச்சர் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அதைப் பாராமலே கேட்டார்:

"எந்தச் சுரம்?"

"சரணத்தில இரண்டாவது சுரக்கோர்வை, ரீச்சர். மந்திர தைவதம். மேலேயிருந்து இறங்கேக்க."

"கூடவோ, குறையவோ?"

"கூட."

லாச்சியைத் திறந்து புளியங்கொட்டையை எடுத்தார்.