போலீஸ் கார் 60-ஐத் தொட முடியுமா?

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் தப்பித்துவிட்டேன். இயற்பியலுக்கு எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களிடம் ஒரே ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். மற்றதெல்லாம் நீங்கள் படிப்பது போலத்தான் படித்தேன். இந்த ஒரு கணக்குதான் போன வருடம் என்னைக் கவிழ்த்தது. அதன் எண்கள் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன.

சாலையோரம் நிற்கும் போலீஸ் காரை, மணிக்கு 108 கி.மீ. சீரான வேகத்தில் போகும் ஒரு கார் கடக்கிறது. அதே கணத்தில் போலீஸ் கார் 3 m/s² முடுக்கத்துடன் கிளம்புகிறது. அதன் உச்ச வேகம் மணிக்கு 162 கி.மீ. எத்தனை நொடியில், எவ்வளவு தூரத்தில் பிடிக்கும்?

108-ஐ 30 m/s ஆக்கினேன். இரண்டு கார்களும் போன தூரம் சமம் என்று எழுதினேன். 30t = 1.5t², ஆகவே t = 20 நொடி, தூரம் 600 மீட்டர். நாற்பது நொடியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். ஆப்ஷனில் 20 நொடி, 600 மீட்டர் அழகாக உட்கார்ந்திருந்தது. உட்காராமல் எப்படி இருக்கும்? என்னைப் போன்றவர்களுக்காகவே போட்ட ஆப்ஷன் அது. உச்ச வேகம் என்ற வரியைப் படித்தேன், ஆனால் அது கணக்குக்குள் வரவில்லை. t = 2v/a என்று ஒரு குறுக்குவழியை யாரோ மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அது எங்கே செல்லாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அது ஏன் செல்லாமல் போகிறது என்பது, தப்பி ஓடும் காருக்குள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. உங்கள் கார் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கார் முதலில் 30 m/s வேகத்தில் பின்னால் விலகிப் போகிறது. முடுக்கம் அதை முன்பக்கம் இழுப்பதால் விலகல் மெல்ல மெல்லக் குறைகிறது. 10-ஆவது நொடியில் அது உங்களுக்கு நின்றது போலத் தெரியும். பிறகு திரும்பி உங்களை நோக்கி வருகிறது. இது மேலே எறிந்த பந்தின் கதையேதான், புவியீர்ப்பு முடுக்கத்தின் இடத்தில் 3 இருக்கிறது, அவ்வளவுதான்.

பந்து எந்த வேகத்தில் கிளம்பியதோ அதே வேகத்தில்தான் கைக்குத் திரும்பும். அதனால் போலீஸ் காரும் உங்களிடம் வந்து சேரும்போது 30 m/s சார்பு வேகத்தில் வரும். சாலையில் நின்று பார்ப்பவருக்கு அது 60 m/s, அதாவது மணிக்கு 216 கி.மீ. முடுக்கம் 3 ஆக இருந்தாலும் 5 ஆக இருந்தாலும் இந்த 60 மாறாது. ஓய்விலிருந்து, சீரான முடுக்கத்தில், கடக்கும் அதே கணத்தில் கிளம்பினால், பிடிக்கும் தருணத்தில் வேகம் எப்போதும் இரண்டு மடங்குதான்.

ஆகவே கணக்கைத் தொடும் முன் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி: இந்தப் போலீஸ் காரால் இரண்டு மடங்கு வேகத்தைத் தொட முடியுமா? 162 கி.மீ. என்றால் 45 m/s. 60-ஐத் தொடவே முடியாது. எனவே 20 நொடி என்ற விடை அங்கேயே செத்துவிட்டது, சமன்பாடே தேவையில்லை.

பிறகு கணக்கை இரண்டாக வெட்ட வேண்டும். 45-ஐத் தொட 15 நொடி ஆகும். அதற்குள் போலீஸ் கார் 337.5 மீட்டர் வந்திருக்கும், ஓடும் கார் 450 மீட்டர் போயிருக்கும். இடைவெளி 112.5 மீட்டர். இதற்கு மேல் முடுக்கம் கிடையாது. நொடிக்கு 45 - 30 = 15 மீட்டர் வீதம் இடைவெளி குறையும், அதை மூட 7.5 நொடி. மொத்தம் 22.5 நொடி, தூரம் 30 × 22.5 = 675 மீட்டர். போலீஸ் பக்கமிருந்தும் கூட்டிப் பாருங்கள்: 337.5 + 45 × 7.5 = 675. இரண்டு பக்கமும் ஒத்துப் போனால்தான் நான் விடையைக் குறிப்பேன். இதற்குப் பத்து நொடிகூட ஆகாது.

இன்னொரு ஆப்ஷனும் இருந்தது: 10 நொடி. வேகங்கள் சமமானால் பிடித்துவிட்டதாக நினைப்பவர்களுக்கானது. உண்மையில் 10-ஆவது நொடியில்தான் போலீஸ் கார் மிகவும் பின்தங்கி இருக்கிறது, 150 மீட்டர். பந்து உச்சியில் நிற்கும் கணம் அது. அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் இந்தப் 10 நொடியைத் தேடுங்கள்.

தாமதம் வந்தால் என்ன ஆகும்? கார் கடந்து 2 நொடி கழித்துத்தான் போலீஸ் கார் கிளம்புகிறது என்று மாற்றிப் பார்த்தேன். கிளம்பும்போதே கார் 60 மீட்டர் முன்னால் இருக்கிறது. உச்ச வேகத்தைத் தொடும்போது இடைவெளி 112.5 + 60 = 172.5 மீட்டர். அதை மூட 11.5 நொடி. போலீஸ் கார் ஓடியது 26.5 நொடி, கார் கடந்ததிலிருந்து எண்ணினால் 28.5 நொடி. தூரம் 855 மீட்டர். 2 நொடி தூங்கியதற்குத் தண்டனை 6 நொடி! கேள்வியில் நேரத்தை எங்கிருந்து எண்ணச் சொல்கிறார்கள் என்பதை அடிக்கோடு போடாமல் நகர்ந்தால், சரியாகக் கணக்குப் போட்டும் தவறான ஆப்ஷனில் விழலாம்.

இந்த வருடம் இந்தக் கணக்கு வரவே இல்லை என்பது வேறு விஷயம். ஒரு வருடம் காத்திருந்தேன்!

தாளின் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தவை அப்படியே:

- முதலில் எல்லாவற்றையும் m/s ஆக்கு. 18-ஆல் வகுபடும் எண் வந்தால் சந்தோஷப்படு, 5/18 சுலபம்.
- இரண்டு மடங்கு வேகச் சோதனை. தாமதம் இருந்தால் இரண்டு மடங்குக்கும் மேலே தேவை.
- உச்ச வேகம் ஓடும் காரின் வேகத்தைவிடக் குறைவா, சமமா? பிடிக்கவே முடியாது, எழுதிவிட்டுப் போ.
- வேக-நேர வரைபடம்: காருக்குச் செவ்வகம், போலீசுக்கு முக்கோணமும் அதையடுத்துத் தட்டையான பகுதியும். பரப்புகள் சமமாகும் இடமே விடை. (எனக்குப் படம் வரையப் பொறுமை இல்லை, உங்களுக்கு இருந்தால் இதுதான் நல்ல வழி.)
- t = 0 எங்கே? கடந்த கணமா, கிளம்பிய கணமா?
- உச்ச வேகம் இல்லாமல் தாமதம் மட்டும் இருந்தால் இருபடிச் சமன்பாடு வரும். மேலே உள்ள எண்களுக்குக் கிளம்பியதிலிருந்து 21.8 நொடியும் -1.8 நொடியும் கிடைக்கும். எதிர்க்குறி மூலத்தை அடித்துவிடு: அந்த நேரத்தில் போலீஸ் கார் நின்றுகொண்டிருந்தது, சமன்பாட்டுக்கு அது தெரியாது.