பட்டினி போட்டு அனுப்பும் செடிகள்

2023 நவம்பர் 30, வியாழக்கிழமை. சென்னைக்குள்ளும் தாம்பரம், ஆவடி பக்கமும் போக வேண்டிய 34 பெட்டிகளை அன்று மாலை கூரியர் வண்டியில் ஏற்றிவிட்டோம். பன்னீர் ரோஜா, செம்பருத்தி, குண்டுமல்லி, ஒட்டு எலுமிச்சை என்று எல்லாம் கலந்த ஆர்டர்கள். திண்டுக்கல் பக்கமிருக்கும் எங்கள் நர்சரியிலிருந்து சென்னைக்கு வழக்கமாக இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஆனால் அந்த வார இறுதியில் மிக்ஜாம் புயல் வந்தது. திங்கட்கிழமை சென்னையே தண்ணீரில் நின்றது. பெட்டிகள் ஏதோ ஒரு கிடங்கின் மேல் அடுக்கில் நனையாமல் கிடந்தன, நகரவில்லை. டிசம்பர் 9-லிருந்து 11-க்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதாவது இருட்டுப் பெட்டிக்குள் ஒன்பது முதல் பதினோரு நாள்.

எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தபோது 21 செடிகள் பிழைத்திருந்தன. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்த நாள். கூலிக் கணக்குக்காக ஒவ்வொரு பெட்டியின் மடிப்பிலும் யார் கட்டியது என்று பென்சிலால் ஓர் எழுத்து போடுவோம். படங்களில் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்தேன். எங்களிடம் வேலை செய்யும் அக்கா கட்டியவை 16. அதில் 14 உயிரோடு இருந்தன. நான் கட்டியவை 18, அதில் ஏழுதான்.

இரண்டு பேரும் ஒரே செடி, ஒரே பெட்டி, ஒரே டேப்தான். வித்தியாசம் தண்ணீரில் இருந்தது. தூரம் போகிற செடி தாகத்தில் செத்துவிடக் கூடாதே என்று நான் கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நன்றாகத் தண்ணீர் ஊற்றுவேன். வேர்க்கட்டியைச் சுற்றி, தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டை நனைத்து வைப்பேன். அக்கா இருபது வருடம் நர்சரி வேலை பார்த்தவர். "நனைச்சு அனுப்பாத தாயி, செடியைப் பட்டினி போட்டுத்தான் அனுப்பணும்" என்று முதல் மாதமே சொன்னார். அதை ஒரு பழைய பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் எளிமையானது. வெளிச்சத்தில் இருக்கும் செடி இலை வழியாகத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், வேர் இழுத்துக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், உள்ளே ஈரப்பதமும் ஏறிவிடும். செடி தண்ணீர் குடிப்பது மிகவும் குறைந்துபோகும். ஆனால் வேர் மூச்சு விடுவதை நிறுத்தாது. மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் அந்த மூச்சுக்குக் காற்று கிடைக்காது. கூடவே வண்டிச் சூடும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது போதும், மூன்றாம் நாளே அழுகல் தொடங்கிவிடும்.

எந்தச் சாவு என்று பெட்டியைத் திறந்ததும் சொல்லிவிடலாம். காய்ந்து செத்த செடியின் இலைகள் மொறமொறவென்று காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், மண் தட்டினால் உதிரும். நனைந்து செத்ததில் இலைகள் கறுத்து வழவழப்பாக இருக்கும், புளித்த மாவு போல ஒரு வாடை அடிக்கும், தண்டின் அடியை இரண்டு விரலால் லேசாக உருட்டினால் தோல் கழன்று கையோடு வரும். அந்த டிசம்பரில் என் பெட்டிகளிலிருந்து வந்த படங்களில் முக்கால்வாசி இரண்டாவது வகை. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கூரியர் தாமதம் என்று நான் எழுதி வைத்த இழப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். அதிலும் பாதிக்கு மேல் அதே படம்தான். தாமதம் உண்மைதான், ஆனால் தாமதத்தைத் தாங்க முடியாதபடி செடியைக் கட்டியது நான்.

இப்போது எங்களிடம் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. ஒரு ரோஜாச் செடியை அதன் மண் கவரோடு முழுக்க நனைத்து, வடியவிட்டு நிறுத்தால் ஏறக்குறைய 1,100 கிராம் வரும். அது 800 கிராமுக்கு இறங்கும் வரை நிழல்வலைக்குள்ளேயே தண்ணீர் காட்டாமல் வைக்கிறோம். மழைக்காலத்தில் அதற்கு மூன்று நாள் ஆகும், கோடையில் ஒன்றரை நாள். ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டியதில்லை, பத்துக்கு ஒன்று போதும். ஒரு மாதத்தில் கைக்கே எடை தெரிந்துவிடும். கோகோபீட் வைத்தால் அள்ளிப் பிழியும்போது உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுகூட வரக் கூடாது.

அப்புறம் பூ, மொட்டு, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிவிடுகிறோம். மொட்டோடு வந்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் பெட்டிக்குள் முதலில் உதிர்வதும் பூஞ்சை பிடிப்பதும் அதுதான். கவரின் வாயைச் செய்தித்தாளால் மூடி, தண்டைச் சுற்றி ஸ்ட்ரெச் ஃபிலிம் இழுத்துக் கட்டுகிறோம். இலைப் பகுதிக்கு ஃபிலிம் போடுவதே இல்லை, வெறும் தாள் சுற்றுதான். பெட்டியின் அடியில் இரண்டு கீறல் போட்டு, அதன் வழியாக டேப்பைக் கோத்துக் கவரைத் தளத்தோடு கட்டிவிடுவோம். மேலே அம்புக்குறி போட்டிருந்தாலும் பெட்டி தலைகீழாகத்தான் பயணம் போகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. கட்டி முடித்ததும் கவிழ்த்து இரண்டு குலுக்கு குலுக்குவோம். உள்ளே எதுவும் நகரக் கூடாது.

பெட்டியின் அளவிலும் ஒரு பாடம் உண்டு. கூரியரில் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிற கிலோவையும் தராசு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுவார்கள். எங்கள் பழைய பெட்டி 15க்கு 15, உயரம் 45. கணக்குப் போட்டால் 2.025 கிலோ. அரை கிலோ அரை கிலோவாக மேலே ஏற்றுவதால் அது இரண்டரை கிலோ ஆகிவிடும். செடியின் எடையோ ஒரு கிலோதான். உயரத்தை 44 ஆக்கினோம், 1.98 வந்தது, பில் இரண்டு கிலோவுக்கு இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் அட்டை அது. அதற்காகச் செடியை நுனியில் வெட்டி 41 சென்டிமீட்டருக்குள் கொண்டுவருகிறோம். வெட்டியதால் இலையும் குறைகிறது, பயணத்தையும் நன்றாகத் தாங்குகிறது.

இந்தக் காசுக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு ரோஜாவை 280 ரூபாய்க்கு விற்கிறோம். செடிக்கு 60, பெட்டி, டேப், கூலிக்கு 45, கூரியருக்கு 110. நிற்பது 65 ரூபாய். ஒரு செடி செத்து, மாற்றுச் செடி அனுப்பினால் இன்னொரு 215 போகும். அதை ஈடுகட்ட வேறு நான்கு செடிகள் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும். கூரியரிடம் நஷ்டஈடு கேட்கலாமே என்பார்கள். உயிருள்ள பொருள், அழுகும் பொருள் என்று ரசீதின் பின்பக்க நிபந்தனையிலேயே விலக்கி வைத்திருப்பார்கள். நான் ஒரு முறை நான்கு மாதம் மெயில் அனுப்பிப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

அதனால் எங்கள் கையில் இருப்பதைத்தான் மாற்றினோம். செடிகளைத் திங்கள் முதல் புதன் வரைதான் அனுப்புவோம். வியாழன் போனால் ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் மாட்டும். கேஷ் ஆன் டெலிவரியைச் செடிக்கு மட்டும் எடுத்துவிட்டோம். வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வருகிற பெட்டி போகவர பத்து நாள் ஆகும், திரும்பி வந்த செடியை மறுபடி விற்க மனசு வராது. ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, இழப்பு நிறையவே குறைந்தது.

சித்திரை, வைகாசியில் மெல்லிய இலைச் செடிகளை வெளியூருக்கு அனுப்புவதில்லை. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் எந்தக் கட்டும் நிற்காது. அந்த இரண்டு மாதமும், பருத்த தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் அடீனியம்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. மண்ணை உதறி, வேரை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, தாளில் சுற்றி அனுப்பினால் பத்து நாள் ஆனாலும் அசையாமல் இருக்கும். மழை லில்லிக் கிழங்கும் அப்படியே.

விதை கூரியரில் சாவது குறைவு. அது அலமாரியில் சாகிறது. கத்தரி, தக்காளி விதை நன்றாக வைத்திருந்தால் மூன்று வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடத்துக்குள்ளேயே வீரியம் இழந்துவிடும். ஒவ்வொரு மாதமும் தொகுப்புக்கு இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணுகிறோம். பதினாறுக்குக் குறைந்தால் அந்தத் தொகுப்பை விற்பதில்லை. மற்றபடி வருகிற புகார்கள் பெரும்பாலும் பருவம் தவறியவை. ஆடிப்பட்டம் எல்லாருக்கும் தெரிகிறது, கேரட்டும் காலிஃபிளவரும் சமவெளியில் ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது தெரிவதில்லை. ஏப்ரலில் கேட்பவர்களிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். தோட்டக் கிட்டில் முன்பு கோகோபீட் கட்டி மட்டும் வைத்தோம். முளை வந்து இரண்டு வாரத்தில் மஞ்சளாகிவிடும், அதில் சத்து மிகவும் குறைவு. இப்போது மண்புழு உரப் பொட்டலம் ஒன்றும் சேர்ந்து போகிறது.

போன பங்குனியில் தாம்பரத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "ரோஜா ஒரு இலைகூட இல்லாம குச்சியா வந்திருக்கும்மா, ஏமாத்திட்டீங்களே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. காற்றில்லாத பெட்டிக்குள் எத்திலீன் என்ற வாயு சேர்ந்தால் ரோஜா இலைகளைக் கொட்டிவிடும். அது சாவு இல்லை. "ஐயா, தண்டுல நகத்தால லேசா ஒரு கீறல் போட்டுப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பச்சையா இருக்கும்மா" என்றார். ஒரு வாரம் நிழலில் வையுங்கள், தொட்டி மாற்ற வேண்டாம், உரம் வேண்டாம், மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்றேன். பதினெட்டாம் நாள் மூன்று சிவப்புத் துளிர்களைப் படம் எடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு பெட்டியின் மேல்பாதியில் பக்கத்துக்கு நான்கு துளை போடுகிறோம், நகக் கீறல் சோதனையைப் படத்தோடு ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வைக்கிறோம்.

புதுச் செடி எதையும் இப்போது நேராக விற்பனைக்குப் போடுவதில்லை. வழக்கம்போலக் கட்டி, தேதி எழுதி, தகரக் கூரைக்குக் கீழே பரணில் ஏழு நாள் வைத்துவிடுகிறோம். கறிவேப்பிலை இரண்டு முறை தோற்று, கவரின் அளவைப் பெரிதாக்கிய பிறகு மூன்றாம் முறை தேறியது. இப்போது பரணில் பவழமல்லி இருக்கிறது. ஒன்றை நான் கட்டினேன், ஒன்றை அக்கா கட்டினார், இரண்டும் 800 கிராம். வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும்.