குக்கர் மூடியோடு ஒட்டிப்போன கேஸ்கெட்டைக் கழற்றிய கதை

பரணில் வெகுகாலம் கிடந்த ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர். மூடி வெளியிலிருந்து மூடும் வகை. உள்ளே கேஸ்கெட் பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழவில்லை. கத்தியை விட்டு நெம்பினால் வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில் குறுக்காக ஒரு கீறல் விழுந்தால், அந்த வழியாக ஆவி கசிய வாய்ப்பு உண்டு. பழைய கேஸ்கெட் எப்படியும் குப்பைக்குத்தான். காப்பாற்ற வேண்டியது மூடியை.

ஈர்க்குச்சியால் சுரண்டிப் பார்த்ததில் பழுப்பு நிறத்தில் பொருக்கு வந்தது. பொங்கி வழிந்த கஞ்சியும் பருப்பு நுரையும் ரப்பருக்குப் பின்னால் காய்ந்து பசையாகியிருந்தன. ஆகவே இங்கே இரண்டு சிக்கல்கள்: ரப்பர் வளைய மறுக்கிறது, அதைக் கஞ்சி பிடித்து வைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் அத்தை. எண்ணெய் வழுக்கும், ஆனால் காய்ந்த கஞ்சியைக் கரைக்காது. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும்.

வெயிட்டை எடுத்துவிட்டு, கைப்பிடியின் திருகைக் கழற்றி, மூடியைக் கவிழ்த்து, கை பொறுக்கும் சூட்டில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். சலவை சோடா போடவில்லை, அது அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். மூடியை அடுப்பில் நேராகக் காட்டுவதும் கூடாது. அதிகச் சூட்டில் உருகுவதற்கென்றே செய்த உலோகம் சேஃப்டி வால்வில் இருக்கிறது. வெறும் மூடியைச் சுட்டால் அதுதான் முதலில் போகும்.

காலையில் பொருக்கு கூழாகியிருந்தது. ஈர்க்குச்சியைப் பள்ளத்தின் போக்கிலேயே ஓட்டி, வந்ததையெல்லாம் கழுவினேன். ஆனாலும் கேஸ்கெட் அசையவில்லை. வெந்நீர் ஊற்றினால் இளகும் என்று தோன்றும். இந்த வகை மூடியில் அது எதிராகவே வேலை செய்யும். ரப்பர், அலுமினியத்தைவிடப் பல மடங்கு அதிகமாக விரிந்து சுருங்கும். கேஸ்கெட் மூடிச் சுவரின் உள்பக்கம் இருப்பதால், சூடானால் விரிந்து சுவரை இன்னும் இறுக்கும். குளிர்ந்தால் சுருங்கி, சுவரைவிட்டு உள்ளே விலகும். இருபது செ.மீ. விட்டமுள்ள வளையத்தை அறைச் சூட்டிலிருந்து ஃப்ரீசர் குளிருக்குக் கொண்டுபோனால், மூடியைவிட விட்டத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கும். நமக்கு அது போதும். (உள்ளே நுழைந்து மூடும் வகையில் கேஸ்கெட் மூடியைச் சுற்றி வெளியே இருக்கும். அங்கே இது தலைகீழ்: வெந்நீர்தான் உதவும்.)

மூடியை நன்றாகத் துடைத்தேன். ஈரம் இருந்தால் அதுவே பனிக்கட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்ததும், மூடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் குழாய்த் தண்ணீரைக் காட்டினேன். அலுமினியம் உடனே சூட்டை வாங்கிக்கொள்ளும், ரப்பர் மெதுவாகத்தான் வாங்கும். அந்த இடைவெளியில் மயிரிழை போல ஒரு சந்து தெரிந்தது.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். மூடியின் விளிம்பில் உள்நோக்கி நீளும் பற்களுக்குக் கீழே கேஸ்கெட் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவில் திறந்த இடத்தில், முனை சீவிய ஐஸ் குச்சியைச் சுவருக்கும் ரப்பருக்கும் இடையே செருகி, மேலே தூக்காமல் மூடியின் மையத்தை நோக்கித் தள்ளினேன். சடக்கென்று ஒரு விரலளவு எழும்பியது. எழும்பிய இடத்தைக் கட்டிங் பிளேயரால், உலோகத்தைத் தொடாமல், துண்டித்தேன். வளையம் அறுந்துவிட்டால் இழுவிசை போய்விடுகிறது. நுனியைப் பிடித்துப் பள்ளத்தை ஒட்டியே உரித்தேன். இரண்டு இடத்தில் ஒடிந்தது. இறுகிய ரப்பர் குளிரில் ஒடிவது இயல்பு, அங்கே மறுபடி குச்சி. ஸ்க்ரூ டிரைவர் எடுக்கத் தோன்றும் இடமும் இதுதான். எடுக்கவில்லை.

பள்ளத்தில் மிச்சமிருந்த கருப்புப் படிவை ஈரத் துணியால் மூடி வைத்து, பிறகு குச்சியால் தள்ளினேன். கம்பி நார் தொடவில்லை. காய்ந்த பின் கொஞ்சம் பஞ்சைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தேன். பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறோ கீறலோ இருக்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் சிக்கியது, பார்த்தால் பழைய அரிப்புக் குழி, வெள்ளைப் பொடியோடு. ஆழமில்லை என்பதால் விட்டுவிட்டேன். கைக்குத் தட்டுப்படும் அளவு ஆழமாக இருந்திருந்தால் மூடியையே மாற்றியிருப்பேன்.

கைப்பிடியை முடுக்கி, அதே மாடலுக்கான புதுக் கேஸ்கெட் மாட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரம் விளிம்பில் ஈரம் கசிந்தது, அழுத்தம் ஏறியதும் நின்றது. விசில் வந்தபோது அந்தக் குழி இருந்த பக்கம் காய்ந்தே இருந்தது.